வாட்ச் ஒன்றும் சொல்லவில்லை

எங்கள் வீட்டில் எட்டு மாதம் நடந்த ஒரு வழக்கில் என் தரப்புச் சாட்சி ஒன்றே ஒன்றுதான்: என் இடது கையில் கட்டியிருந்த வாட்ச். எதிர்த்தரப்பு என் மனைவி. "ஏனுங்க, நேத்து ராத்திரியும் மூச்சு நின்னுச்சுங்க. எண்ணிட்டே படுத்திருந்தேன், இருபத்திரண்டு வரைக்கும் வந்துருச்சு. அப்புறம்தான் 'ஹக்'குனு ஒரு சத்தம் போட்டுட்டுத் திரும்பிப் படுத்தீங்க" என்று காலையில் காபியோடு குற்றச்சாட்டை வைப்பாள். நான் போனை எடுத்து, வாட்ச் இரவு முழுக்கச் சேர்த்துவைத்த சுவாசக் கணக்கைத் திறந்து காட்டுவேன். முப்பது புள்ளிகள், எல்லாம் கோட்டுக்குக் கீழே. மேலே பெரிய எழுத்தில், 'உயர்வு இல்லை' என்று பொருள்படும் ஒரு வரி. "பாரு அம்மிணி, ஒண்ணுமில்லைன்னு போட்டிருக்கான்." அவள் போனைப் பார்க்கக்கூட மாட்டாள். தூக்கத்தில் இருந்த எனக்குத் தெரியாததும் விழித்திருந்த அவளுக்குத் தெரிந்ததும் ஒன்றே என்பது அப்போது எனக்கு உறைக்கவில்லை.

வாட்ச் எந்தக் கம்பெனியுடையது என்பதை விட்டுவிடுகிறேன். இது அதன்மேல் வைக்கும் புகார் இல்லை. அது சொன்னதை நான் எப்படிப் படித்தேன் என்பதுதான் சிக்கல். 'நான் ஒன்றும் காணவில்லை' என்று அது சொன்னதை 'ஒன்றும் இல்லை' என்று நான் மொழிபெயர்த்துக்கொண்டேன். இந்த இரண்டு வாக்கியங்களுக்கும் இடையிலான தூரத்தில் எட்டு மாதம் போயிற்று.

குறட்டைக் கணக்கில் தொடங்கியது

வாட்ச் வாங்குவதற்கு முன்பே போனில் ஒரு குறட்டை ஆப் போட்டிருந்தேன். பலர் நினைப்பதுபோல் குறட்டையை எல்லா வாட்ச்களும் கேட்பதில்லை. சிலவற்றில் அதற்கு மைக் உண்டு. மற்றவை பக்கத்தில் சார்ஜரில் கிடக்கும் போனின் மைக்கைக் கடன் வாங்குகின்றன. இன்னும் சில குறட்டையைப் பற்றிப் பேசுவதே இல்லை, மூச்சுத் தொந்தரவு என்று ஒரு கணக்கை மட்டும் வைத்துக்கொள்கின்றன. என் வீட்டில் மின்விசிறி ஐந்தில் ஓடும். பக்கத்து அறையில் அம்மாவும் நன்றாகவே குறட்டை விடுவார். எந்தக் குறட்டை யாருடையது என்று மைக்குக்குத் தெரியாது. சரி, அதைக்கூட விட்டுவிடலாம்.

ஒரு வெள்ளிக்கிழமை இரவுதான் என்னை நன்றாக ஏமாற்றியது. வழக்கமாக இரண்டு மணி நேரத்துக்குப் பக்கத்தில் காட்டும் ஆப், அன்று நாற்பது நிமிடம்தான் குறட்டை என்றது. எனக்கு ஒரே மகிழ்ச்சி. மனைவியோ அந்த இரவுதான் இருந்ததிலேயே மோசம் என்றாள். இரண்டும் உண்மையாக இருக்க முடியும் என்று பின்னால்தான் புரிந்தது. குறட்டை என்பது அண்ணத்தின் பின்பக்கத்து மென்மையான சதையும் உள்நாக்கும் காற்றில் படபடக்கும் சத்தம். சத்தம் வருகிறது என்றால் குறுகலான வழியிலாவது காற்று போகிறது. தொண்டை முழுதாக ஒட்டிக்கொண்டால் காற்று இல்லை, அதனால் சத்தமும் இல்லை. தூக்கத்தில் மூச்சு அடிக்கடி நின்று நின்று வரும் நோயான ஸ்லீப் ஆப்னியா இருப்பவரின் இரவில் கவனிக்க வேண்டியது அந்த அமைதிதான். ஓங்கிய குறட்டை, சட்டென்று அமைதி, பத்து இருபது முப்பது விநாடி, பிறகு மூச்சை வெடுக்கென்று இழுக்கும் ஒரு சத்தம், மறுபடி குறட்டை. நிமிடக் கணக்கில் குறட்டையைக் கூட்டும் ஆப்புக்கு அந்த இருபது விநாடி அமைதி நல்ல நேரமாகத் தெரிகிறது. என் மனைவிக்கு அது அடிவயிற்றைப் பிசையும் நேரம்.

மறுபக்கமும் உண்டு. ஊரையே எழுப்பும் குறட்டை விட்டும் மூச்சு ஒரு முறைகூட நிற்காதவர்கள் நிறையப் பேர். அதிகம் குறட்டை விடாமல், பகலெல்லாம் சோர்வு, காலையில் தலைவலி என்று மட்டும் சொல்லிக்கொண்டிருக்கும் பெண்களுக்கு இந்த நோய் இருந்து, தைராய்டு, ரத்தச்சோகை என்று வேறெங்கோ தேடிக்கொண்டிருப்பதும் உண்டு. குறட்டையின் சத்தத்தை வைத்து எந்தப் பக்கமும் தீர்ப்புச் சொல்ல முடியாது.

வாட்ச் எதைப் பார்க்கிறது

மூச்சுத் தொந்தரவைக் கணிக்கும் வாட்ச்கள் பெரும்பாலும் இரண்டு வழிகளில் ஒன்றைப் பிடித்துக்கொள்கின்றன. ஒன்று அசைவு. மணிக்கட்டில் இருக்கும் அசைவுமானி, நாம் படுத்திருக்கும்போது மூச்சோடு சேர்ந்து கையில் ஏற்படும் மிக நுண்ணிய ஆட்டத்தைப் பிடிக்கிறது. அந்தத் தாளம் அடிக்கடி குலைந்தால் தொந்தரவு என்று எண்ணுகிறது. ஆப்பிள் வாட்ச் செய்வது இது. 2024 செப்டம்பரில், மருந்துகளையும் மருத்துவக் கருவிகளையும் கட்டுப்படுத்தும் அமெரிக்க அரசு அமைப்பான எஃப்டிஏ இதற்கு அனுமதி கொடுத்தது. முப்பது நாளில் குறைந்தது பத்து இரவுத் தகவல் இருந்தால்தான் அது ஒரு முடிவுக்கு வரும். இன்னொரு வழி ரத்தத்தின் ஆக்சிஜன். சிவப்பு ஒளியையும் அகச்சிவப்பு ஒளியையும் தோலுக்குள் அனுப்பி, திரும்பி வரும் அளவை வைத்து ஆக்சிஜன் இறங்கி ஏறுவதைப் பார்ப்பது. சாம்சங்கின் வழி இது. அதற்கான எஃப்டிஏ அனுமதி அதே ஆண்டு பிப்ரவரியில் வந்தது. பத்து நாளுக்குள் நான்கு மணி நேரத்துக்கு மேல் தூங்கிய இரண்டு இரவுகள் இருந்தால் அதற்குப் போதும்.

இரண்டிலும் இல்லாத ஒன்று இருக்கிறது. மூக்கில் காற்று போகிறதா என்பதை இரண்டுமே பார்ப்பதில்லை. நோயின் வரையறையே காற்றில்தான் இருக்கிறது. காற்றோட்டம் கிட்டத்தட்ட முழுதாகப் பத்து விநாடியாவது நின்றால் அது ஆப்னியா. முழுதாக நிற்காமல் முப்பது சதவீதமாவது குறைந்து, அதனால் ஆக்சிஜன் இறங்கினாலோ மூளை கொஞ்சம் விழித்துக்கொண்டாலோ அது ஹைப்போப்னியா. ஒரு மணி நேரத் தூக்கத்தில் இந்த இரண்டும் சேர்ந்து எத்தனை என்ற எண்தான் ஏஹெச்ஐ. ஐந்துக்குக் கீழே சாதாரணம், ஐந்து முதல் பதினைந்து வரை லேசானது, பதினைந்து முதல் முப்பது வரை நடுத்தரம், முப்பதும் அதற்கு மேலும் தீவிரம். வாட்ச் பார்ப்பது காற்று நின்றதன் பின்விளைவுகளை: கையின் ஆட்டத்தில் ஒரு குலைவு, ரத்தத்தில் ஒரு இறக்கம். அடுத்த வீட்டில் சமையல் நடக்கிறதா என்று புகைபோக்கியைப் பார்த்துச் சொல்வது போல. புகை வந்தால் அடுப்பு எரிகிறது. புகை தெரியவில்லை என்றால் அடுப்பு அணைந்திருக்கலாம், கேஸ் அடுப்பாகவும் இருக்கலாம்.

ஆக்சிஜனைப் பார்க்கும் வழியிலும் சில சிக்கல்கள் உண்டு. மூச்சு நின்ற அந்த நொடியிலேயே ஆக்சிஜன் இறங்காது. நுரையீரலில் மிச்சமிருக்கும் காற்று கொஞ்ச நேரம் தாங்கும். பிறகு அந்த ரத்தம் மணிக்கட்டு வரை வந்து சேர வேண்டும். நுரையீரல் நன்றாக இருக்கும் ஒருவர் பதினைந்து விநாடி மூச்சு நின்றும், பெரிய இறக்கம் வருவதற்கு முன்பே மூளை உலுக்கி எழுப்பிவிட, மீண்டும் மூச்சு வாங்கிவிடலாம். ஆக்சிஜன் கோட்டில் ஒரு சின்னப் பள்ளம்கூடத் தெளிவாகத் தெரியாது. ஆனால் தூக்கம் உடைந்துபோயிற்று. இரவில் நூறு தடவை இப்படி உடைந்தால், மறுநாள் மதியம் மூன்று மணிக்கு மில் அக்கவுண்ட்ஸ் பார்க்கும்போது என்னைப்போல் ஸ்க்ரீனில் தலை முட்டும். வாட்ச் தளர்வாக இருந்தாலும், கையைத் தலைக்கடியில் வைத்துப் படுத்தாலும் அளவு கெடும் என்பது வேறு.

இதையெல்லாம் மறைத்து எந்தக் கம்பெனியும் விற்கவில்லை. ஆப்பிள் தானே வெளியிட்ட ஆய்வுக் குறிப்பில் எண்களைக் கொடுத்திருக்கிறது. நடுத்தரமோ தீவிரமோ ஆன ஸ்லீப் ஆப்னியா உள்ள நூறு பேரில் சுமார் அறுபத்தாறு பேரைத்தான் அந்த அறிவிப்பு பிடிக்கிறது. அந்த இரண்டு வகையையும் பிரித்துப் பார்த்தால் கதை இன்னும் தெளிவாகும். தீவிரமானவர்களில் பத்துக்கு ஒன்பது பேர் பக்கம் சிக்கிவிடுகிறார்கள். நடுத்தரமானவர்களில் பாதிப் பேர்கூடச் சிக்குவதில்லை. தவறாக மணி அடிப்பதோ மிகக் குறைவு. அந்த ஆய்வில் அறிவிப்பு வந்த எல்லாருக்குமே குறைந்தபட்சம் லேசான ஆப்னியாவாவது இருந்தது. வேண்டுமென்றே அப்படித்தான் அமைத்திருக்கிறார்கள். கோடிக்கணக்கான கைகளில் இருக்கும் ஒரு பொருள் கொஞ்சம் சந்தேகம் வந்தாலே மணி அடித்தால், நல்ல உடம்போடு இருக்கும் லட்சக்கணக்கானவர்கள் பயந்துபோய் ஆஸ்பத்திரி வரிசையில் நிற்பார்கள். அதனால் நிச்சயமாகத் தெரியும்போது மட்டும் அடிக்கும் மணியாக வைத்துவிட்டார்கள். எனக்கு அதில் மறுப்பு இல்லை. அடிக்காத மணியை மருத்துவச் சான்றிதழாக எடுத்துக்கொண்டு திரிந்தவன் நான்.

அளவுநாடா

வழக்கு திரும்பிய இடம், தூக்கத்துக்குச் சம்பந்தமே இல்லாத ஒன்று. எனக்கு ஹெர்னியா ஆபரேஷன் செய்ய வேண்டியிருந்தது. கோவையில் ஒரு ஆஸ்பத்திரியில் தேதி கொடுத்து, அதற்கு முன் மயக்க மருந்து டாக்டரைப் பார்த்துவரச் சொன்னார்கள். வெறும் சடங்கு என்று நினைத்துத்தான் போனேன். டாக்டரம்மா பிரஷர் மாத்திரை, பல், பழைய ஆபரேஷன் எல்லாம் கேட்டுவிட்டு, "குறட்டை உண்டுங்களா சார்?" என்றார். உண்டு என்றேன். "மூச்சு நிக்குதுன்னு யாராவது சொல்லியிருக்காங்களா?" நான் பழக்க தோஷத்தில் போனை எடுத்தேன். "வீட்ல சொல்வாங்க மேடம். ஆனா வாட்ச்ல எட்டு மாசமா பார்க்கறேன், ஒண்ணும் இல்ல."

அவர் போனை வாங்கி, பொறுமையாக மேலும் கீழும் தள்ளிப் பார்த்தார். கேலி செய்யவில்லை. "நல்ல விஷயம்தான் சார். இது மணி அடிச்சிருந்துதுன்னா நான் அதை அப்படியே எடுத்துக்குவேன். அடிக்கலைன்னா எனக்கு இதுல படிக்கறதுக்கு எதுவும் இல்ல" என்றார். பிறகு மேஜை இழுப்பறையிலிருந்து தையற்காரர் வைத்திருப்பது போன்ற ஒரு அளவுநாடாவை எடுத்து என் கழுத்தைச் சுற்றி அளந்தார். நாற்பத்து நான்கு செ.மீ. "உங்க வீட்டம்மா வெளியில இருக்காங்களா? உள்ள கூப்பிடுங்க."

மனைவி வந்து உட்கார்ந்ததும் டாக்டர் என்னைப் பார்ப்பதையே நிறுத்திவிட்டார். எத்தனை விநாடி நிற்கும், எண்ணிப் பார்த்தீர்களா, மல்லாந்து படுக்கும்போதா ஒருக்களித்தா, எந்த நேரத்தில் அதிகம், திணறி எழுகிறாரா, காலையில் வாய் வறண்டு இருக்கிறதா. எட்டு மாதம் யாரும் கேட்காத கேள்விகள். அவள் ஒவ்வொன்றுக்கும் தயாராக வைத்திருந்தது போலப் பதில் சொன்னாள். மல்லாந்து படுத்தால்தான் அதிகம். விடியற்காலை மூன்று மணிக்கு மேல் இன்னும் மோசம். அப்புறம் ஒன்று சொன்னாள்: "சனிக்கிழமை ராத்திரிதானுங்க டாக்டர் ரொம்ப. அன்னைக்கு வாட்ச் சார்ஜர்ல கிடக்கும்."

இது எனக்கே உறைக்காத விஷயம். சனிக்கிழமை மாலை நண்பர்களோடு இரண்டு பெக் உண்டு. வந்ததும் வாட்சைக் கழற்றி சார்ஜில் போட்டுவிட்டுப் படுப்பது பழக்கம், வாரத்தில் ஒரு முழு சார்ஜ் ஏற்றும் இரவு அது. மது தொண்டைச் சதைகளைத் தளர்த்தும், மூளை விழித்துக்கொள்வதையும் தாமதப்படுத்தும். ஆக, வாரத்தின் ஏழு இரவுகளில் மிக மோசமான ஒன்றை வாட்ச் ஒருபோதும் பார்க்கவே இல்லை. என் முப்பது புள்ளிகள் முப்பது நாளின் புள்ளிகளும் அல்ல. ஐந்து வாரத்தில், எனக்கு வசதிப்பட்ட இரவுகளின் புள்ளிகள்.

டாக்டர் போட்டுக்கொண்டிருந்த கணக்குக்கு ஸ்டாப்-பேங் என்று பெயர். கனடாவின் டொராண்டோவில் மயக்கவியல் மருத்துவர் பிரான்சஸ் சங் குழுவினர் 2008-ல் வெளியிட்ட எட்டு ஆம்-இல்லை கேள்விகள். குறட்டை, பகல் சோர்வு, பிறர் பார்த்த மூச்சு நிறுத்தம், ரத்த அழுத்தம், உடல் எடைக் குறியீடு 35-க்கு மேல், வயது 50-க்கு மேல், கழுத்துச் சுற்றளவு 40 செ.மீ.க்கு மேல், ஆண். எனக்கு வயது 47, எடைக் குறியீடு 28. அந்த இரண்டும் இல்லை. மற்ற ஆறும் ஆம். ஐந்தோ அதற்கு மேலோ வந்தால் நடுத்தர, தீவிர ஆப்னியா இருக்க வாய்ப்பு அதிகம் என்று எடுத்துக்கொள்கிறார்கள். பேட்டரி வேண்டாம், ஆப் வேண்டாம், ஒரு அளவுநாடாவும் பக்கத்தில் படுப்பவரின் சாட்சியும் போதும். அதுவும் நோயை உறுதிசெய்வதில்லை, சரியான கதவைக் காட்டும், அவ்வளவுதான். ஆனால் வாட்ச் மாதிரி இல்லாமல், இது சந்தேகம் வந்தாலே கைகாட்டும் ரகம். மயக்க மருந்து டாக்டர்கள் ஏன் இதை விடாமல் கேட்கிறார்கள் என்பதற்குக் காரணம் எளிது. மயக்க மருந்தும் அதன்பின் கொடுக்கும் வலி மருந்துகளும் தொண்டையைத் தளர்த்தி, மூச்சு வாங்கச் சொல்லும் மூளையின் உந்துதலையும் மந்தமாக்கும். ஆப்னியா இருக்கிறது என்று தெரியாமல் வார்டில் படுக்கவைத்துவிட்டால், தூக்கத்தில் நின்ற மூச்சை மீட்டெடுக்க வேண்டிய அந்த உலுக்கல் வராமலே போகலாம்.

ஆபரேஷனை மூன்று வாரம் தள்ளிவைத்தார்கள்.

மூக்கில் ஒரு குழாய்

வீட்டிலேயே செய்யும் ஸ்லீப் ஸ்டடிக்கு எழுதிக் கொடுத்தார்கள். டெக்னீஷியன் பையன் மாலையில் வந்து, மாட்டும் விதத்தைச் சொல்லிக்கொடுத்துவிட்டுப் போனான். மூக்கில் மெல்லிய குழாய், நெஞ்சைச் சுற்றி ஒரு பட்டை, விரலில் ஆக்சிஜன் கிளிப், நெஞ்சின் நடுவே ஒரு சிறிய பெட்டி. குழாய், காற்று போகிறதா என்று பார்க்கிறது. பட்டை, நெஞ்சு மூச்சுக்கு முயற்சி செய்கிறதா என்று பார்க்கிறது. பெட்டி, எந்தப் பக்கம் படுத்திருக்கிறோம் என்பதைக் குறித்துக்கொள்கிறது. மூன்றும் சேரும்போதுதான் வாட்சால் சொல்லவே முடியாத ஒன்று தெரிகிறது. காற்று நின்றிருக்கிறது, ஆனால் நெஞ்சு போராடுகிறது என்றால் தொண்டை அடைத்திருக்கிறது. காற்றும் இல்லை, நெஞ்சும் சும்மா கிடக்கிறது என்றால் மூளையே கட்டளை அனுப்பவில்லை. முதலாவது அடைப்பு வகை. இரண்டாவது மைய வகை, இதயம் பலவீனமானவர்களுக்கும் சில வலி மருந்துகள் எடுப்பவர்களுக்கும் வருவது. சிகிச்சை இரண்டுக்கும் ஒன்றல்ல. மணிக்கட்டில் இரண்டும் ஒரே மாதிரிக் குலைவுதான்.

என் அறிக்கையை இங்கே பிரித்துச் சொல்கிறேன். பதிவு ஏழு மணி நேரம். மொத்தம் 146 நிகழ்வுகள். அவற்றில் 52 அடைப்பு வகை ஆப்னியா, 90 ஹைப்போப்னியா, 4 மட்டும் மைய வகை. மிக நீண்டது 41 விநாடி. ஆக்சிஜன் ஒரு சமயம் 81 சதவீதம் வரை இறங்கியிருந்தது. 146-ஐ ஏழால் வகுத்தால் மணிக்கு 21. நடுத்தரம். வாட்ச் பாதிக்கு மேல் தவறவிடும் அதே அறையில் நான் உட்கார்ந்திருந்தேன்.

ஆனால் 21 என்ற எண்ணைவிட, அதைப் பிரித்துப் பார்த்ததில்தான் விஷயம் இருந்தது. மல்லாந்து படுத்தது இரண்டரை மணி நேரம். அந்த நேரத்தில் 110 நிகழ்வு, அதாவது மணிக்கு 44. ஒருக்களித்துப் படுத்த நான்கரை மணி நேரத்தில் 36 நிகழ்வு, மணிக்கு 8. மல்லாந்திருக்கும்போது தீவிர நோயாளி, ஒருக்களித்தால் லேசான நோயாளி. நாக்கின் அடிப்பகுதி புவியீர்ப்பில் பின்னால் சரிந்து தொண்டையை அடைப்பதுதான் காரணம். இரவு முழுவதையும் ஒரே புள்ளியாகச் சுருக்கினால் இந்த இரண்டு மனிதர்களும் கலந்து ஒரு சுமாரான மனிதர் ஆகிவிடுகிறார். என் மனைவி பார்த்துக்கொண்டிருந்தது அந்த 44-ஐ.

வீட்டு டெஸ்ட்டும் கடைசிச் சொல் இல்லை என்று நுரையீரல் டாக்டர் நேர்மையாகச் சொன்னார். இதில் மூளையின் மின்னலைகளைப் பார்க்கும் கம்பிகள் இல்லை. அதனால் நான் எப்போது தூங்கினேன், எப்போது வெறுமனே கண்ணை மூடிக் கிடந்தேன் என்று அதற்குத் தெரியாது. மூக்கில் குழாயோடு எனக்கு ஒரு மணி நேரமாவது தூக்கம் வரவில்லை. உண்மையான தூக்கம் ஆறு மணி நேரம் என்று வைத்தால், அதே 146 நிகழ்வு மணிக்கு 24-க்கு மேல் வரும். ஆக்சிஜன் இறங்காமல் மூளை மட்டும் விழித்துக்கொண்ட நிகழ்வுகள் கணக்கிலேயே வந்திருக்காது. அதனால், அறிகுறி வலுவாக இருந்து வீட்டு டெஸ்ட் ஒன்றுமில்லை என்று வந்தால், ஆஸ்பத்திரியில் தங்கிச் செய்யும் முழு ஸ்லீப் ஸ்டடிக்கு அனுப்புவார்களாம். மூக்கில் குழாய் போட்ட கருவிக்கே 'இல்லை' என்று சொல்ல இவ்வளவு தயக்கம்.

வாட்சுக்கு நியாயமாகச் சேர வேண்டியதையும் அவரே சொன்னார். ஸ்லீப் ஸ்டடி ஒரே ஒரு இரவு. சளி பிடித்த இரவு, மது குடித்த இரவு, மல்லாந்தே கிடந்த இரவு என்று ஆளுக்கு ஆள் மட்டுமல்ல, இரவுக்கு இரவும் எண் மாறும். முப்பது இரவைத் தொடர்ந்து பார்ப்பது டெஸ்ட்டால் முடியாத காரியம். "வாட்ச் அறிவிப்பு கொடுத்துச்சுன்னு வர்றவங்களை நான் திருப்பி அனுப்பறதே இல்ல. அவங்களுக்குப் பெரும்பாலும் இருக்கும். உங்களை மாதிரி, வாட்ச் ஒண்ணும் சொல்லலைன்னு வராம இருக்கறவங்களைத்தான் நான் பார்க்க முடியறதில்ல." தனியாகப் படுப்பவர்களை நினைத்துக்கொண்டேன். எண்ணிக்கொண்டு படுத்திருக்க ஆள் இல்லாதவர்களுக்கு வாட்ச் மட்டும்தான் சாட்சி.

அப்புறம்

சிபாப் மெஷின் வாங்கினோம். காற்றைச் சற்றே அழுத்தி மூக்கு வழியே அனுப்பித் தொண்டையைத் திறந்தே வைத்திருக்கும் கருவி. 1981-ல் சிட்னியில் காலின் சலிவன் முதலில் செய்து காட்டியது. முதல் வாரம் முகமூடியோடு மல்லுக்கட்டினேன், அந்தக் கதை வேண்டாம். ஆபரேஷனுக்குப் போகும்போது அதையும் பையில் வைத்து எடுத்துவரச் சொன்னார்கள். மயக்கம் தெளிந்த அன்றிரவு வார்டிலும் அதைப் போட்டுக்கொண்டுதான் தூங்கினேன். மெஷின் தினமும் காலையில் ஒரு எண் காட்டும், மிச்சமிருக்கும் ஏஹெச்ஐ. இப்போது இரண்டுக்கும் மூன்றுக்கும் நடுவே நிற்கிறது. இதுவும் தூக்கத்தை நேராகப் பார்ப்பதில்லை, ஆனால் என் ஒவ்வொரு மூச்சும் அதன் குழாய் வழியாகத்தான் போகிறது என்பதால் காற்று நின்றால் அதற்குத் தெரியும்.

சனிக்கிழமை பெக் ஒன்றாகக் குறைந்திருக்கிறது, சில வாரம் அதுவும் இல்லை. சார்ஜ் போடுவதை மாலை குளிக்கும் நேரத்துக்கு மாற்றிவிட்டேன், இனி அந்த இரவுகளையும் வாட்ச் பார்க்கட்டும் என்று. இதில் பெரிய பொருள் இல்லைதான். இந்த மூச்சு அறிவிப்பெல்லாம் ஏற்கெனவே நோய் கண்டறியப்பட்டவர்களுக்கானது அல்ல என்று அதன் குறிப்பிலேயே இருக்கிறது. சிகிச்சை சரியாக நடக்கிறதா என்று சொல்வதும் அதன் வேலை இல்லை.

ஆனாலும் பழக்கம் விடுமா. ஐந்து மாதம் கழித்து ஒருநாள் அந்த வரைபடத்தைத் திறந்தேன். மெஷின் இல்லாத எட்டு மாதமும் மெஷின் போட்ட ஐந்து மாதமும் அடுத்தடுத்து. புள்ளிகள் கொஞ்சம் கீழே இறங்கியிருக்கின்றன. மேலே உள்ள வரி மட்டும் மாறவில்லை, இந்தப் பக்கமும் 'உயர்வு இல்லை', அந்தப் பக்கமும் 'உயர்வு இல்லை'. காபியோடு வந்தவளிடம் போனை நீட்டி, "பாரு அம்மிணி, இப்ப ஒண்ணுமில்லைன்னு போட்டிருக்கான்" என்றேன்.

இந்த முறை வாங்கிப் பார்த்தாள். "அது அப்பவும் இதத்தானுங்க சொல்லுச்சு" என்றாள்.